ஓட்டோ, கல்யாணம், வீடு: காசு எல்லாவற்றுக்கும் போதாதபோது எதை முதலில் வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் தோட்டக் குடும்பங்களோடு வரவு செலவு பற்றிப் பேச உட்கார்ந்தால், ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். கணக்கில் வரும் தொகைகள் உதாரணத்துக்கு எடுத்தவை. உங்கள் வீட்டுத் தொகையைப் போட்டுப் பார்த்தால்தான் உங்கள் வரிசை தெரியும்.

மூணுமே முக்கியந்தானே, இதுல என்ன வரிசை?

மூன்றும் முக்கியம் என்பதால்தான் வரிசை தேவைப்படுகிறது. நாம் போடாவிட்டால் வேறொருவர் போட்டுவிடுவார். அந்த வேறொருவர் பெரும்பாலும் கடன் கொடுப்பவர். ஓட்டோவுக்கு லீசிங் கம்பனி ஒரு வாரத்தில் காசு தரும். கல்யாணத்துக்கு நகையை அடகு வைக்கலாம், சொந்தக்காரர்களும் கைமாற்றாகக் கொடுப்பார்கள். ஆனால் உறுதி இல்லாத ஏழு பேர்ச் காணியில் வீடு கட்ட எந்த வங்கியும் எளிதில் கடன் தராது.

இதனால் என்ன நடக்கிறது? சேமித்த காசு முதலில் ஓட்டோவின் முற்பணமாகப் போகிறது. பிறகு நகை கல்யாணத்துக்கு அடகுக்குப் போகிறது. வீட்டுக்குச் சேமிப்பைத் தவிர வேறு வழியே இல்லை, ஆனால் அதற்குத்தான் கடைசியில் சேமிப்பு மிஞ்சுவதில்லை. பல குடும்பங்கள் இன்னும் லயத்தில் இருக்க இதுவும் ஒரு காரணம். வீடு வேண்டாம் என்று அவர்கள் யாரும் முடிவு எடுக்கவில்லை.

அப்ப எதை வச்சு வரிசை போடுறது?

ஒவ்வொரு தேவைக்கும் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். முதலாவது, இதற்கு உண்மையான தேதி இருக்கிறதா? பேசி முடித்த கல்யாணத்துக்கு இருக்கிறது. வீட்டுக்குத் தேதி இல்லாவிட்டாலும் பருவம் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். ஓட்டோவுக்கு பெரும்பாலும் தேதியே கிடையாது. "இப்ப எடுக்காட்டி விலை ஏறிடும்" என்பது விற்பவர் சொல்லும் தேதி.

இரண்டாவது, இதைத் துண்டாக்கிச் செய்ய முடியுமா? வீட்டை இரண்டு மூன்று கட்டமாகச் செய்யலாம். கல்யாணத்தைத் துண்டாக்க முடியாது, ஆனால் சுருக்கலாம். ஓட்டோவைத் துண்டாக்கவும் முடியாது, சுருக்கவும் முடியாது. முதல் மாதத்திலிருந்தே முழுத் தவணையும் கட்ட வேண்டும்.

மூன்றாவது, ஒரு மாதம் வருமானம் தடைப்பட்டால் என்ன ஆகும்? பாதி கட்டிய அத்திவாரம் அப்படியே காத்திருக்கும். லீசிங் தவணை காத்திருக்காது. இந்த மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. என் பார்வையில் மூன்றிலும் இதுதான் பெரியது.

கையில எவ்வளவு இருக்குன்னு எப்படிப் பார்க்குறது? சீட்டு, நகை, ஈபிஎஃப் எல்லாத்தையும் சேர்க்கலாமா?

ஒரே கூட்டுத்தொகையாகச் சேர்க்காதீர்கள். வங்கியில் இருப்பதை இன்றைய காசாக எழுதுங்கள். சீட்டு எந்த மாதம் கைக்கு வருமோ அந்த மாதத்தில் எழுதுங்கள். இன்னும் எடுக்காத சீட்டை இன்றைய கணக்கில் போட்டால் முற்பணம் கொடுக்கும் நாளில் கை கடிக்கும். மகளுக்கென்று வைத்த நகை கல்யாணக் கணக்கில்தான் வரும், அதை வேறெங்கும் எழுத வேண்டாம். ஈபிஎஃப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

அப்புறம், வங்கியில் இருப்பதிலிருந்து மூன்று மாதச் சாப்பாடு, பஸ், மருந்து, பள்ளிக்கூடச் செலவு அளவுக்கு ஒரு தொகையை முதலிலேயே பிரித்துவிடுங்கள். தோட்டத்தில் பேர் குறைந்தால் சம்பளமும் குறையும். அந்த மாதத்துக்கு இந்தத் தொகை இல்லையென்றால் கந்துவட்டிக்காரர்தான் வழி.

மாதமாதம் மிஞ்சுவதை எழுதும்போது, அது யார் கையிலிருந்து வருகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். கல்யாணம் முடிந்ததும் மகளின் பங்கு நின்றுவிடும். இதை மறந்துதான் பல திட்டங்கள் இடையில் அறுகின்றன.

ஒரு குடும்பத்து கணக்கையே போட்டுக் காட்டுங்களேன்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 54 வயது. அப்பா, அம்மா இருவரும் தோட்டத்தில் வேலை. மகளுக்கு 26 வயது, ஆடைத் தொழிற்சாலையில் வேலை. மகன் கொழும்பில் கடையில் வேலை செய்கிறான், ஊருக்கு வந்து ஓட்டோ ஓட்ட ஆசைப்படுகிறான். ஏழு பேர்ச் காணி ஒதுக்கியிருக்கிறார்கள்.

வங்கியில் 7 லட்சம். ஆறாவது மாதம் 2 லட்சம் சீட்டு வரும். மாதம் 40,000 மிஞ்சுகிறது: மகன் அனுப்புவது 20,000, மகள் கொடுப்பது 15,000, பெற்றோர் சம்பளத்தில் 5,000. மகளின் கல்யாணம் அடுத்த வருட ஆவணியில், அதாவது இன்னும் 20 மாதத்தில். அதற்கு 8 லட்சம் என்று நினைத்தார்கள். சின்ன வீட்டுக்கு பாஸ் சொன்ன கணக்கு 25 லட்சம்: அத்திவாரமும் மண் தாங்கும் கல் அணையும் 6, சுவரும் கூரையும் 11, பூச்சு, நிலம், கதவு, மின்சாரம் எல்லாம் 8. ஓட்டோவுக்கு முற்பணம் 6 லட்சம், மிச்சம் 10 லட்சம் லீசிங்.

இப்போது வருடத் தொடக்கம். அவசரத்துக்கு 1.5 லட்சத்தைப் பிரித்தால் 5.5 லட்சம் நிற்கும். ஒரு வருடத்தில் மிச்சம் பிடிப்பது 4.8, சீட்டு 2. ஆகவே அடுத்த ஜனவரியில் 12.3 லட்சம். அந்த ஜனவரி, பெப்ரவரியில் அத்திவாரம் போட்டால் 6 போகும், 6.3 நிற்கும். ஆவணி வரும்போது இன்னும் 3.2 சேர்ந்து 9.5 ஆகும். கல்யாணத்தை 6 லட்சத்துக்குள் முடித்தால் கையில் 3.5 லட்சம், மேட்டில் ஓர் அத்திவாரம், கடன் எதுவும் இல்லை. வங்கி வட்டியை நான் சேர்க்கவில்லை, அது வந்தால் மேலதிகம்.

கல்யாணத்துக்குப் பிறகு மகளின் 15,000 நின்று, மாதம் 25,000தான் மிஞ்சும். நான்கு மாதத்தில் 1 லட்சம் சேர்ந்து அடுத்த ஜனவரியில் 4.5 லட்சம். சுவருக்கும் கூரைக்கும் 11 வேண்டும். அப்பா அதற்குள் 55ஐத் தாண்டியிருப்பார், அவருடைய ஈபிஎஃப் 12 லட்சம் வரும் என்று வைப்போம். அதில் பாதி, 6 லட்சத்தை மட்டும் இதற்கு எடுத்தால் 10.5. குறையும் அரை லட்சம் அந்த இரண்டு மாத மீதத்தில் வந்துவிடும். ஆக மூன்றாவது வருடம் கூரை ஏறிய வீடு. பூச்சு வேலை மெதுவாக நடக்கட்டும். மகன் அதுவரை கொழும்பில் இருப்பான். இந்தத் திட்டத்தின் விலை அதுதான், அதை மறைக்க வேண்டாம்.

ஓட்டோ எடுத்தா அதுவே உழைச்சு வீட்டையும் கல்யாணத்தையும் பார்த்துக்காதா?

பார்த்துக்கொள்ளும் ஓட்டோவும் இருக்கிறது. ஆனால் அதை முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். அதே மகன் இப்போதே ஓட்டோ எடுக்கிறான் என்று வைப்போம். ஒரு நாள் ஓட்டம் 4,000, பெற்றோல் 1,500, கையில் 2,500. மாதம் 24 நாள் ஓடினால் 60,000. டயர், சேர்விஸ், காப்புறுதி, வருட வரி என்று மாதத்துக்கு 10,000 ஒதுக்கினால் 50,000. பத்து லட்சத்தை 20 வீத வட்டியில் நான்கு வருடத்துக்கு எடுத்தால் தவணை ஏறக்குறைய 30,430. மிச்சம் 19,570.

நல்ல காசுதானே என்று தோன்றும். ஆனால் அவன் கொழும்பிலிருந்து அனுப்பிய 20,000 இப்போது இல்லை. ஆக வீட்டுக்கு வருவது முன்பு வந்ததேதான், கொஞ்சம் குறைவு என்றுகூடச் சொல்லலாம். முற்பணமாகப் போன 6 லட்சம் மட்டும் திரும்பவில்லை. ஆவணியில் கல்யாணம் முடிந்ததும் கையில் அதே 3.5 லட்சம்தான் நிற்கும், ஆனால் அத்திவாரம் இருக்காது. அதற்குப் பதில் இன்னும் 28 தவணை மிச்சமுள்ள ஓட்டோ வாசலில் நிற்கும். இந்தக் குடும்பத்துக்கு ஓட்டோவின் உண்மையான விலை அந்த அத்திவாரம்.

இது எல்லாம் சரியாக ஓடும் மாதத்தின் கணக்கு. வண்டி பத்து நாள் கராஜில் நின்றால் 25,000 குறையும், தவணைக்கே 5,000க்கு மேல் கையைவிட்டுப் போட வேண்டும். வண்டிப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று இருப்பது லீசிங் கம்பனியின் பெயர். சில தவணை தொடர்ந்து தவறினால் அவர்கள் வண்டியை எடுத்துப் போகலாம்.

எப்போது ஓட்டோவை முதலில் வைக்கலாம்? மகனுக்கு வேறு வேலை இல்லையென்றால், அல்லது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டம் போல மாதச் சம்பளமாக வரும் ஓட்டம் ஏற்கெனவே பேசி முடிந்திருந்தால். டவுன் தரிப்பிடத்தில் இடம் கிடைக்குமா என்பதையும் எடுப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் வேறொருவரின் ஓட்டோவை நாள் வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று மாதம் ஓட்டச் சொல்லுங்கள். மழை மாதமும் அதில் ஒன்றாக இருக்கட்டும். மேலே உள்ள 4,000 உங்கள் ஊரில் எவ்வளவு என்பது அதில் தெரிந்துவிடும்.

லீசிங்காரர் 12 வீதந்தான்னு சொல்றார். நீங்க 20ன்னு போடுறீங்க?

அவர் சொல்வது முழுக் கடனுக்கும் கடைசி வரை போடும் வட்டி. பத்து லட்சத்துக்கு வருடம் 1.2 லட்சம், நான்கு வருடத்துக்கு 4.8 லட்சம், மொத்தம் 14.8 லட்சத்தை 48ஆல் வகுத்தால் மாதம் 30,833. ஆனால் இரண்டாவது வருட முடிவில் பாதியளவு கடனை நீங்கள் அடைத்திருப்பீர்கள். அடைத்த பணத்துக்கும் சேர்த்துத்தான் அவர் வட்டி எடுக்கிறார். குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால் இது 20 வீதத்துக்கும் மேல், 21க்குக் கிட்ட.

வீதத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம், ஆவணக் கட்டணம், காப்புறுதி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டுகிறேன் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டு கம்பனிகளை ஒப்பிட அந்த மொத்தத் தொகை போதும்.

கல்யாணத்த ஒரு வருஷம் தள்ளிப் போடலாமா?

இன்னும் பேச்சு முடியவில்லை என்றால் தள்ளலாம். பேசி முடித்த பிறகு தள்ளுவது பெண்ணுக்குத்தான் பாரம். நம் ஊரில் ஆடியும் மார்கழியும் கழிந்தால் மண்டபமும் ஐயரும் கிடைக்கும் முகூர்த்த நாட்கள் சிலதான். ஒரு மாதம் தள்ளினால் போதும் என்று நினைப்பது சில நேரம் தைக்குப் போய்விடும். தேதியைத் தொடுவதைவிட அளவைத் தொடுவது நல்லது.

மேலே சொன்ன குடும்பம் 8 லட்சத்தை 6 ஆக்கியது இப்படி. 400 பேருக்குச் சாப்பாடு என்பதை 250 ஆக்கினார்கள். சாப்பாடு ஒன்றுக்கு 1,000 ரூபாய் என்றால் அதிலேயே 1.5 லட்சம் குறைந்தது. டவுன் மண்டபத்துக்குப் பதில் கோயில் மண்டபம், வீடியோவும் சோடனையும் சின்னதாக என்று அரை லட்சம். நகைக்கு ஏற்கெனவே சேர்த்த ஐந்து பவுன், புதிதாக ஒன்றும் இல்லை. எண்ணிக்கையைக் குறைப்பதில்தான் மனஸ்தாபம் வரும். அதனால் யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியலை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து எழுதுவது நல்லது. ஒரு வீடு எழுதி மற்ற வீட்டுக்கு அனுப்பினால் சண்டைதான்.

மொய்யை வரவாக எழுதாதீர்கள். சமையல்காரருக்கும் மண்டபத்துக்கும் கொடுக்கும் நாளில் அது கையில் இருக்காது. வந்த பிறகும் அது திருப்பிச் செய்ய வேண்டிய காசு.

எங்க காணிக்கு உறுதி இல்ல, கடிதம் மட்டுந்தான் இருக்கு. அதுல சேமிப்பைப் போடலாமா?

எந்தக் கடிதம் என்பதைப் பொறுத்தது. உங்கள் பெயரில் உறுதி இருந்தால் அந்தக் காணி உங்களுடையது, வங்கியிலும் பேசலாம். ஒதுக்கியதாக மட்டும் சொல்லும் கடிதத்துக்கு அந்தப் பலம் இல்லை. ஒன்றுமே இல்லாமல் லயத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக் கட்டினால் தோட்ட நிர்வாகம் எந்த நாளும் நிறுத்தச் சொல்லலாம். அதனால் வரிசையில் வீடு எங்கே இருந்தாலும், வீட்டின் ஆவண வேலை முதல் இடத்தில் இருக்க வேண்டும். அதற்குப் போவது பெரும்பாலும் பஸ் காசும் நடையும்தான். பிரதேச செயலகத்தில் காணிப் பகுதிக்குப் போய், உங்கள் பெயர் எந்தப் பட்டியலில், எந்தத் துண்டு இலக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தோட்டக் காணி என்றால் நிர்வாகத்தின் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

இரண்டாவது, மண். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற மண்சரிவு மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கேட்கப்படும். அதன் பிறகுதான் பிரதேச சபை வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும். இதை வெறும் அலுவலகத் தொல்லையாக எடுக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியது. அது ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. சாய்ந்து நிற்கும் மரம், நிலத்தில் பிறை வடிவ வெடிப்பு, திடீரென்று புதிதாகக் கிளம்பும் ஊற்று, கலங்கிவரும் ஊற்றுத் தண்ணீர் இவற்றில் எதைக் கண்டாலும் சிபாரிசு வரும்வரை ஒரு கல்லும் வாங்க வேண்டாம். இடம் கூடாது என்று பதில் வந்தால், அத்திவாரத்துக்கு வைத்த 6 லட்சம் கையில் இருக்கும். அப்போது வரிசையே மாறும், மாறட்டும்.

கொஞ்சம் கொஞ்சமா கட்டினா மழையில பாழாப் போயிடாதா?

தவறான இடத்தில் நிறுத்தினால் பாழாகும். நிறுத்தக்கூடிய இடங்கள் இரண்டுதான். அத்திவாரம் முடிந்து, அதன் மேல் கொங்கிரீட் கட்டு போட்டு, தண்ணீர் வடிய கான் வெட்டிய நிலை ஒன்று. கூரை ஏறிய நிலை மற்றது. சுவரை எழுப்பிவிட்டு கூரை இல்லாமல் ஒரு மழைக்காலத்தை விட்டால் சுவரின் தலையில் தண்ணீர் இறங்கும், கலவை கழுவும், பாசி பிடிக்கும். மறுபடி தொடங்கும்போது மேல் வரிசைகளைக் கழற்ற வேண்டி வரும். அதனால்தான் மேலே சுவரையும் கூரையையும் ஒரே துண்டாக, 11 லட்சமாகப் போட்டேன். அந்த 11 முழுவதற்கும் வழி தெரியும்வரை சுவரைத் தொடக்கூடாது.

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை. ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல வேலைக்காலம். சித்திரை மாலை மழைக்கு முன்னே கூரை ஏறினால் நிம்மதி. பதுளை, பசறைப் பக்கம் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை இருக்கும், அங்கே நாட்காட்டி வேறு.

விலை ஏறும் என்று சீமெந்தை முன்னதாக வாங்கி லயத்தில் அடுக்குவதும் வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு மூன்று மாதத்தில் கட்டி பிடித்து பலம் இழக்கும். கருங்கல், புளொக் கல் வாங்கி வைக்கலாம். கம்பியை வாங்கினால் நிலத்தில் படாமல் மூடி வைக்க வேண்டும்.

இந்திய வீட்டுத் திட்டத்துல பேர் இருக்கு. அது வரட்டும்னு இருக்கலாமா?

வருவதை நம்பி ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டாம், வராது என்று தூக்கியெறியவும் வேண்டாம். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அதற்கு அடிக்கல் நாட்டியது 2024இல். இடையில் ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் பல வீடுகளில் மகள்மாருக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது.

பிரதேச செயலகத்துக்குப் போகும்போது, நீங்களாகக் கட்டத் தொடங்கினால் பட்டியலில் பெயர் நிற்குமா என்று கேளுங்கள். இந்த வருடமே உங்கள் தோட்டத்தில் வேலை தொடங்குகிறது என்று எழுத்தில் இருந்தால் அத்திவாரக் காசை வங்கியிலேயே விடுங்கள். வாய்ப்பேச்சு மட்டும் என்றால் உங்கள் திட்டப்படி நடங்கள்.

அப்பாவோட ஈபிஎஃப்ப கல்யாணத்துக்கு எடுத்தா என்ன?

எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் கைக்கு வரும் இந்தக் காசு ஒரே முறை வருவது. தோட்டத் தொழிலாளிக்கு மாதா மாதம் வரும் ஓய்வூதியம் கிடையாது. வேலையை விடும்போது சேவைக்காலப் பணமும் கிடைக்கும், ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் வருடத்துக்கு 14 நாள் சம்பளம். அதுவும் ஒரே முறைதான். இந்த இரண்டையும் ஒரு நாள் சாப்பாட்டில் கரைத்தால் அறுபது வயதில் அப்பா மறுபடி கைக்காசு வேலைக்குப் போவார்.

வீட்டுக்கு ஒரு பகுதியை எடுப்பது வேறு, அந்த வீட்டில் அவரே இருக்கப் போகிறார். வயது வரும் முன்னேயும் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் வரை எடுக்க வழி இருக்கிறது. பத்து வருடம் பணம் கட்டியிருக்க வேண்டும், கணக்கில் குறைந்தது மூன்று லட்சம் இருக்க வேண்டும். வீட்டுக்கு என்றால் அதற்கான ஆவணம் காட்ட வேண்டியிருக்கும், அங்கேயும் உறுதி விஷயம்தான் முன்னால் நிற்கும். மேலே நான் போட்ட கணக்கில் பாதியை வங்கியில் விட்டதற்குக் காரணம், இந்தக் காசு ஒரே முறை வருவதுதான்.

மகளின் ஈபிஎஃப் பற்றியும் கேட்கிறார்கள். கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண் அதை எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அந்தக் காசுக்காக மட்டும் வேலையை விட வைக்காதீர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலைக்குப் போக நினைத்தால் அது அவளுடைய புதுக் குடும்பத்துக்கு மாதமாதம் வரும் வருமானம்.

மாப்பிள்ளை வீட்ல ஓட்டோ கேக்குறாங்க. அப்ப வரிசை என்னாகும்?

சீதனம் கேட்பதையே நான் ஏற்கவில்லை. ஆனாலும் கேட்டால் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். முற்பணத்தை நீங்கள் கொடுத்து, தவணையை மாப்பிள்ளை கட்டுவதாகப் பேசும் ஏற்பாடுதான் மிகவும் ஆபத்து. லீசிங் யார் பெயரில், பிணை யார் கையெழுத்து என்று பாருங்கள். அப்பா பிணை போட்டிருந்தால், மாப்பிள்ளை கட்டாத மாதம் கம்பனி அப்பாவிடம் வரும். அந்தத் தவணையைப் பற்றி மகளிடமும் பேச முடியாது, சம்பந்தி வீட்டிலும் பேச முடியாது.

மேலே போட்ட கணக்கை எடுத்துக்கொண்டு போய் வெளிப்படையாகப் பேசுங்கள்: எங்களால் முடிந்தது இவ்வளவு, அதை மகளின் பெயரில் வங்கியில் போடுகிறோம், வண்டி எடுப்பது அவர்கள் இருவரின் முடிவு. இதற்குச் சம்மதிக்காத இடமா என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது மகளுக்கு நல்லது.

தம்பி ஒத்துக்கவே மாட்டேங்குறான். அக்கா கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் நான் ஏன் கொழும்புல கஷ்டப்படணும்னு கேக்குறான்.

அவன் கேட்பது நியாயமான கேள்வி. அந்த 40,000இல் பாதி அவனுடைய உழைப்பு. அவனுக்குத் தெரியாமல் பெரியவர்கள் போட்ட வரிசையில் அவன் நிற்க மாட்டான். கணக்கை எழுதிய தாளை அவன் முன்னால் வையுங்கள், ஓட்டோக் கணக்கை அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள். அவனுக்குத் தெரிந்த ஓட்டத் தொகை என்னுடையதைவிடச் சரியாக இருக்கலாம். 19,570 என்பது அவன் கணக்கில் 35,000 ஆகி, அது வாடகை ஓட்டோவில் ஓட்டிப் பார்த்தும் நின்றால், ஓட்டோவை முன்னே கொண்டுவருவதே சரி. அப்போது அத்திவாரம் ஒரு ஜனவரி பின்னால் போகும், அவ்வளவுதான்.

அவனுடைய பங்குக்கு ஒரு முடிவும் தேவை. அனுப்பும் 20,000இல் 5,000ஐ அவன் பெயரிலேயே தனிக் கணக்கில் போட்டு, அது ஓட்டோ முற்பணத்துக்கு என்று வைக்கலாம். இரண்டு வருடத்தில் 1.2 லட்சம் சேரும், வீட்டு வேலை அதற்கேற்பச் சில மாதம் நீளும். காணி உறுதியில் யார் பெயர் வரும், பின்னால் அந்த வீட்டில் அவனுக்கு என்ன உரிமை என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். உழைத்த பிள்ளைக்கு வீட்டில் இடம் இல்லை என்று பின்னால் சண்டை வந்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் குறைவில்லை.

எல்லாம் போட்ட பிறகு இடையில ஆஸ்பத்திரி செலவு வந்துட்டா?

முதலில் அந்த 1.5 லட்சம். அது போதாவிட்டால், அடுத்து வரவிருக்கும் வேலையின் காசிலிருந்து எடுங்கள். அத்திவாரத்துக்கு முன் வந்தால் அத்திவாரத்தை அடுத்த ஜனவரிக்குத் தள்ளுங்கள். அத்திவாரம் முடிந்து கல்யாணத்துக்கு முன் வந்தால் சாப்பாட்டுப் பட்டியலை மறுபடி எடுங்கள். தேதி மாறாமல் குறைக்கக்கூடியது அதுதான். மகளின் நகையை அடகு வைப்பதென்றால், எந்த மாதம் எந்தக் காசில் மீட்பது என்று தெரிந்தால் மட்டும் வையுங்கள், உதாரணத்துக்கு இரண்டு மாதத்தில் சீட்டு வருகிறது என்றால் சரி. மீட்கும் மாதம் தெரியாமல் அடகுக்குப் போகும் நகை கல்யாணத்தன்று கழுத்தில் இருக்காது.

செலவு முடிந்ததும் அந்த 1.5 லட்சத்தை முதலில் நிரப்பிவிட்டு, பிறகு மற்றக் கணக்குகளுக்குத் திரும்புங்கள். மாதம் 40,000 என்றால் நான்கு மாதத்துக்குள் நிரம்பிவிடும்.